ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் விற்பனைக் கோட்டை எண்ணாக மாற்றுவது

கேள்வி: மாத விற்பனை லைன் சார்ட் ஒன்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக வந்தது. புள்ளிகள் மேல் எண்கள் போடவில்லை. ஜனவரி–மார்ச்சோடு பார்த்தால் ஏப்ரல்–ஜூன் எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

முதலில் சார்ட்டின் இடப்பக்க அச்சில் ஆகக் கீழே உள்ள கோட்டில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே பூச்சியம் இல்லாவிட்டால் கண் சொல்வதை நம்பக் கூடாது. நான் இதைப் படித்தது திருகோணமலையில், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குத் தண்ணீர்ப் போத்தலும் சோடாவும் போடும் ஒரு சின்ன விநியோகக் கடையில் கணக்கு எழுதிய காலத்தில். முதலாளி போனை என் பக்கம் நீட்டி, "தம்பி, விற்பனை இரண்டரை மடங்கு ஏறியிருக்கு, பாரும். அடுத்த லோட்டை இரட்டிப்பாக்குவம்" என்றார். படத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரி போலத்தான் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன். வந்த போத்தல்கள் ஸ்டோருக்குள் அடங்காமல் விறாந்தை வரைக்கும் நின்றன.

அந்தச் சார்ட்டையே உதாரணமாக எடுக்கிறேன். அச்சின் மேலே `Rs. '000` என்று இருந்தது, அதாவது எண்கள் எல்லாம் ஆயிரம் ரூபாயில். கீழ்க்கோடு 600, மேற்கோடு 1000.

படத்தைக் கணினிக்கு அனுப்பி Paint-இல் திறந்தேன். மவுஸைப் படத்தின் மேல் நகர்த்தினால் கீழே இடது மூலையில் `312, 466px` மாதிரி இரண்டு எண்கள் ஓடும். நமக்குத் தேவை இரண்டாவது எண். அது மேலிருந்து கீழே எண்ணப்படுவதால் விற்பனை கூடக் கூட எண் குறையும். இதில்தான் பலரும் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள்.

600 கோட்டில் மவுஸை வைத்தால் 530 காட்டியது, 1000 கோட்டில் 210. இடையில் 320 பிக்சல், அதற்குள் 400 ஆயிரம் ரூபாய். ஆக ஒரு பிக்சலுக்கு 1.25 ஆயிரம். அப்புறம் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் மவுஸை வைத்து எண்ணைக் குறித்தேன். ஜனவரி 466, பெப்ரவரி 482, மார்ச் 426, ஏப்ரல் 410, மே 346, ஜூன் 290. எக்செல்லில் B2 முதல் B7 வரை இவற்றைப் போட்டு, C2-இல் கீழே உள்ள முதல் வரியை எழுதிக் கீழே இழுத்தால் மாத விற்பனை வந்துவிடும். வளர்ச்சிக்கு இரண்டாவது வரி.

```
=600+(530-B2)*1.25
=SUM(C5:C7)/SUM(C2:C4)-1
```

மாதங்கள் 680, 660, 730, 750, 830, 900 என்று வந்தன. முதல் மூன்று மாதத்தின் கூட்டுத்தொகை 2070, அடுத்த மூன்றுக்கு 2480. வித்தியாசம் 410, அதை 2070-ஆல் வகுத்தால் 19.8 சதவீதம்.

இரண்டரை மடங்கு எங்கிருந்து வந்தது? புள்ளிகள் கீழ்க்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று மட்டும் கூட்டினால் முதல் காலாண்டுக்கு 216 பிக்சல், அடுத்ததற்கு 544. அதுதான் அந்த இரண்டரை. 600-க்குக் கீழே இருந்த விற்பனையைப் படம் வெட்டிவிட்டது, கண்ணும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அச்சு எண்களே வெட்டுப்பட்டு வந்த ஸ்கிரீன்ஷாட் என்றால் சதவீதம் கண்டுபிடிக்க வழியே இல்லை. அனுப்பியவரிடம் முழுப்படம் கேளுங்கள்.

மார்ச் புள்ளியையும் ஜூன் புள்ளியையும் மட்டும் ஒப்பிட்டுவிடாதீர்கள். இந்தச் சார்ட்டில் அப்படிச் செய்தால் 23.3 வரும். ஜனவரியையும் ஜூனையும் எடுத்தால் 32.4. காலாண்டு என்றால் மூன்று மாதத்தின் கூட்டு, கோட்டின் நுனி அல்ல. கோட்டை வளைத்து மென்மையாக வரைந்திருந்தால் வளைவின் உச்சியைத் தொடாமல், மாதப் பெயருக்கு நேர் மேலே இருக்கும் இடத்தை எடுக்க வேண்டும். எக்செல் வழக்கமாகப் புள்ளியை இரண்டு சிறு குறிகளுக்கு நடுவில்தான் வைக்கும், குறியின் மேல் அல்ல.

வாட்ஸ்அப் படத்தைச் சிறிதாக்கினாலும் பரவாயில்லை. அச்சும் புள்ளியும் ஒரே படத்தில் ஒரே அளவாகத்தான் சுருங்கும். ஆனால் கணினித் திரையைப் போன் கமராவால் சரிவாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தால் இந்த முறை எடுபடாது, ஒரு பக்கம் மற்றதைவிடச் சுருங்கியிருக்கும்.

எவ்வளவு தூரம் நம்பலாம்? கோட்டின் தடிப்பு மூன்று பிக்சல் என்றால் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு பிக்சல் பிசகலாம், அதாவது 2.5 ஆயிரம். மோசமான நிலையில் மூன்று மாதத்துக்கு 7.5. ஒரு காலாண்டில் அதைக் கூட்டி, மற்றதில் குறைத்துப் பார்த்தேன். வளர்ச்சி 19.0-க்கும் 20.6-க்கும் இடையில் நின்றது. ஆகவே "ஏறத்தாழ 20 சதவீதம்" என்று சொல்லலாம். 19.8 என்று எழுதுவது அளந்ததற்கு மேல் பெருமை பேசுவது.

இன்னொன்று, "முதல் காலாண்டு" என்றால் எந்த மாதங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால் பல கடைக் கணக்கில் ஏப்ரல்–ஜூன்தான் முதல் காலாண்டு. உங்கள் கேள்வியில் மாதப் பெயர்களே இருப்பதால் பிரச்சினை இல்லை.

இந்த 20 சதவீதத்தை வைத்து லோட் கேட்பதற்கு முன் சார்ட்டில் மங்கலான சாம்பல் கோடு ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் படத்தில் போன வருடத்துக்கு அப்படி ஒன்று இருந்தது, இருவரும் கவனிக்கவே இல்லை. திருமலைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை போய், கடல் அடங்கி, மே மாதம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினாலே தண்ணீர்ப் போத்தல் விற்பனை தானாக ஏறும். அது எல்லா வருடமும் நடப்பது. சாம்பல் கோட்டில் ஏப்ரல் 434, மே 386, ஜூன் 330 பிக்சல். மாற்றினால் 720, 780, 850, கூட்டினால் 2350. அதே மூன்று மாதத்துக்கு இந்த வருடம் 2480, அதாவது கூடியது 5.5 சதவீதம்தான். அதே பிக்சல் பிசகை வைத்துப் பார்த்தால் 4.9-க்கும் 6.2-க்கும் இடையில். வளர்ச்சி இப்படிச் சின்னதாக இருக்கும்போது அளவுப் பிசகு அதில் பெரிய பங்காகிவிடும், ஆகவே Paint-இன் Zoom-இல் படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி இன்னொரு தடவை அளப்பது நல்லது.

நான் அதைப் பிறகுதான் அளந்தேன். தாளை முதலாளியிடம் காட்டியபோது அவர் விறாந்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இதெல்லாம் செப்டெம்பருக்குள்ள போகுமோ?" என்றுதான் கேட்டார்.