முகம் சுண்டும்போதே ஊற்றுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் கிழக்கு ஜன்னலோரம் ஒரு பீஸ் லில்லி இருக்கிறது. நான் தினமும் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். நான்கு நாளைக்கு ஒருமுறை செடி துவண்டு, இலைகள் தொட்டிக்கு வெளியே தொங்கிவிடும். இரவு வந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் காலையில் நிமிர்ந்து நிற்கும். தன் தாகத்தைத் தானே சொல்லும் செடி என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது அடி இலைகள் மஞ்சளாகின்றன. போன வாரம் ஊற்றியும் சரியாக நிமிரவில்லை. ஊற்றிய தண்ணீர் உடனே தட்டுக்கு வந்துவிடுகிறது. என் மாமியார் முதல் நாளே "செடி முகம் சுண்டிவிட்டது" என்பார். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விட்டால் தினமும் ஊற்றிவிடுவார் என்பதால் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இது என்ன நோய்? எந்த மருந்து அடிக்கலாம்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்து எதுவும் வாங்காதீர்கள். உங்கள் செடிக்கு நோய் இல்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. செடி விழுவதற்கு முதல் நாளே உங்கள் மாமியாருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தவரைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, தெரியாத நீங்கள் இரவு எட்டு மணிக்கு வந்து சொம்பைத் தூக்குகிறீர்கள். இதை என்னிடம் ஒரு புகாராக வேறு எழுதியிருக்கிறீர்கள்!

அவர் சொல்லும் 'முகம் சுண்டுவது' கற்பனை இல்லை. பீஸ் லில்லி நம் வாய்க்கால் கரையில் வளரும் சேம்பின் குடும்பம். அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டலக் காடுகளில், மரநிழலில், ஈரம் வற்றாத மண்ணில் வளர்ந்த செடி. அதன் காம்பில் மரத்தன்மை கிடையாது. உள்ளே நிறைந்திருக்கும் தண்ணீரின் அழுத்தம்தான் அந்த நீளக் காம்பையும் அகல இலையையும் தூக்கி நிறுத்துகிறது. தண்ணீர் குறையக் குறைய அழுத்தம் இறங்கும். ஆனால் அது ஒரே நொடியில் இறங்குவதில்லை. முதலில் இலையின் பளபளப்பு மங்கும். விரல்களுக்கிடையே பிடித்தால் விறைப்பு போய்த் துணிபோலத் துவளும். பிறகு வெளிச்சுற்று இலைகளின் காம்பு சற்று அகன்று, நுனி வழக்கத்தைவிடத் தாழும். நடு இலைகள் அப்போதும் நேராகவே நிற்கும். அதனால்தான் வாசலில் செருப்பைக் கழற்றியபடி பார்க்கும் உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம் அதுதான். மொத்தச் செடியும் சாய்ந்து கிடப்பது தாகத்தின் அறிவிப்பு அல்ல, தாகத்தின் கடைசிக் கட்டம்.

காலையில் நிமிர்ந்துவிடுகிறதே என்பீர்கள். நிமிரும். ஆனால் ஒவ்வொரு முறை முழுக்க விழும்போதும் மண்ணுக்குள் சல்லி வேர்கள் கொஞ்சம் காய்ந்து சாகின்றன. தண்ணீரை உறிஞ்சுவதே அவைதான். வேர் குறைந்தால் அத்தனை இலைகளுக்கும் படியளக்க முடியாமல், செடி முதலில் வயதான அடி இலைகளைக் கைவிடும். நீங்கள் பார்க்கும் மஞ்சள் அதுதான். அந்த இலைகள் இனிப் பச்சையாகா. அடியோடு நறுக்கி எடுத்துவிடுங்கள்.

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை நான் சொல்லவே கூடாது. வயலில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நம்மவர்கள் சொல்வது மண்ணைக் காயவிட்டுப் பாய்ச்சுவதைத்தான். பயிரைச் சுருள விட்டுப் பாய்ச்சுவதை இல்லை. உங்கள் தொட்டிக்கும் அதே கணக்கு. மேல் மண் காயலாம், இலை விழக் கூடாது.

இனி, ஊற்றியும் ஏன் நிமிரவில்லை என்பதற்கு வருகிறேன். தண்ணீர் உடனே தட்டுக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நர்சரித் தொட்டிகளில் பெரும்பாலும் தேங்காய் நார்க் கழிவுதான் நிரப்பியிருப்பார்கள். அது எலும்பாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டியின் சுவரை விட்டு விலகும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கித் தட்டில் தேங்கும். நடுவில் வேர்க்கட்டி வறண்டே கிடக்கும். சந்தேகமிருந்தால் ஊற்றிய பிறகு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனக்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகவில்லை.

அகலமான பாத்திரத்தில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் எடுத்து, தொட்டியை அதற்குள் இறக்கி வையுங்கள். அடித் துளை வழியாக மண் மெல்ல மெல்ல உறிஞ்சும். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் மேல் மண் கறுத்து, தொட்டால் ஈரம் தெரியும். எடுத்து, நன்றாக வடியவிட்டு, பிறகே தட்டில் வையுங்கள். தொட்டியைக் கையில் ஏந்தி அந்தக் கனத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாமியாரும் ஏந்திப் பார்க்கட்டும்.

ஆம், மாமியார்தான். அவர் தினமும் ஊற்றிவிடுவார் என்ற உங்கள் பயம் வீண் பயமில்லை. எப்போதும் சேறாகவே இருக்கும் மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீர் உறிஞ்சாது. அப்போதும் செடி இதே மாதிரிதான் துவளும். தாகத்தில் விழுந்த செடியையும் அழுகலில் விழுந்த செடியையும் இலையை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது, மண்ணைத் தொட்டால்தான் முடியும். இந்த ஒன்றைத்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இலை மங்கினால் ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல், 'தொடாதீர்கள்' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறீர்கள். பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் பெரியவருக்கு வீட்டில் உள்ள ஓர் உயிரைப் பார்த்துக்கொள்ளும் உரிமை இல்லையென்றால், அவர் அங்கே யார்? காவலுக்கு வைத்த ஆளா? வேலைக்குப் போவது உங்கள் கடமை, அதில் நான் குறை சொல்லவில்லை. கூட இருப்பவரின் கண்ணை நம்புவதும் கடமைதான்.

நாள் கணக்கையும் விட்டுவிடுங்கள். சித்திரை வைகாசியில், மேலே மின்விசிறி ஓடும் கூடத்தில், நான்கு நாள்கூடத் தாங்காது. ஐப்பசி அடைமழையில் பத்து நாள் ஆனாலும் மண் ஈரமாகவே இருக்கும். பார்ப்பதைக் காலையில் பாருங்கள். கோடை உச்சிவேளையில் மண் ஈரமாக இருக்கும்போதே இலை சற்றுத் தொங்கும். அது வெக்கை, மாலையில் தானே சரியாகும். அதற்குப் பயந்து ஊற்றுகிறவர்கள்தான் செடியை அழுகவைப்பவர்கள்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் செடியை உயரத்தில் வையுங்கள். சேம்பைப் போலவே இதன் இலையும் வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் அரித்து எரியும்.

ஊறவைத்த மறுநாள் காலையிலும் செடி நிமிரவில்லை என்றால், தொட்டியைக் கவிழ்த்து வேர்க்கட்டியை வெளியே எடுங்கள். வெளுத்து, அழுத்தினால் உறுதியாக இருக்கும் வேர் நல்ல வேர். பழுப்பேறி, கூழாகி, நாற்றமடிப்பதைக் கத்தரித்து எறியுங்கள். மிஞ்சிய வேர் அடங்கும் அளவு சிறிய தொட்டியில், நார்க் கழிவோடு கொஞ்சம் மண்ணும் மணலும் கலந்து நடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம். சிறு வேர் குடிக்காத தண்ணீர் அதில் தேங்கி மறுபடி அழுகும். நட்ட பிறகு எத்தனை நாளில் இலை மங்குகிறது என்பதை மாமியாரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.