குறுக்குத்துறை பலகை உடைவது ஏன்

> "என் விளையாட்டில் 'குறுக்குத்துறை' பலகையில் கு, று, து பிரிந்து நிற்கின்றன, ஐகாரக் கொம்பு ற-வுக்குப் பின்னால் போய்விட்டது. அட்லஸில் 0B80–0BFF முழுக்கச் சேர்த்தாயிற்று."

நம்ம நெல்லை ஆற்றங்கரைப் பெயர் நல்ல சோதனைச் சொல். ஒட்டிய 'கு' வடிவத்துக்கு யூனிகோட் எண் கிடையாது. எழுத்துருவுக்குள் அந்த வடிவத்தைக் குறிக்கும் கிளிஃப் எண் மட்டும்தான். அதனால் யூனிகோட் வரம்பைக் கொடுத்து அட்லஸ் கட்டினால் அது உள்ளே வராது. கொம்பு வேறு விஷயம். சரத்தில் ற முதலில், ை பிறகு என்பதுதான் சரி. வரையும்போது முன்னால் நகர்த்துவது, சரத்தை வடிவங்களாக மாற்றி அடுக்கும் ஷேப்பிங்கின் வேலை. சரத்திலேயே மாற்றி வைக்காதீர்கள், தேடல் கெட்டுவிடும்.

```
hb-shape --no-glyph-names font.ttf "குறுக்குத்துறை"
```

'கு'வுக்கு ஒரே எண் வந்தால் எழுத்துரு சரி, குறை எஞ்சினில். அப்புறம் எல்லா வசனங்களையும் இப்படி ஓட்டி, வரும் கிளிஃப் எண்களால் அட்லஸ் கட்டுங்கள். வரையும்போதும், hb-shape-க்குப் பின்னால் இருக்கும் ஷேப்பிங் நூலகமான ஹார்ஃப்பஸ் தரும் வரிசையையே பின்பற்ற வேண்டும். இல்லையென்றால் கொம்பு பழைய இடத்திலேயே நிற்கும்.