இறங்கும்போது தெரியாது, ஏறும்போதுதான் தெரியும்

கேள்வி: வயது 47, மதுரையில் வங்கி வேலை. ரத்த அழுத்தத்துக்கு தினமும் அட்டெனலால் சாப்பிடுகிறேன். தீபாவளி விடுமுறையில் நண்பர்களோடு கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்ஃபின் நோஸ் பாறைமுனை வழியாக வெள்ளகவி கிராமம் வரை போய்வரத் திட்டம். முதல் ட்ரெக்கிங். போகலாமா டாக்டர்?

பதில்: டால்ஃபின் நோஸ் வரை போகலாம், ஆனால் தீபாவளிக்கு வேண்டாம். வெள்ளகவியை இந்த முறை விட்டுவிடுங்கள்.

பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வட்டக்கானல் பாதையில் மரவேர்களே படிக்கட்டு. நனைந்தால் வழுக்கும், மூடுபனியில் அடுத்த அடி தெரியாது. ஜனவரி பிற்பகுதிக்கு மாற்றுங்கள். காலையில் கடுங்குளிர் இருக்கும், குளிர் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அதனால் வெயில் வந்தபின் கிளம்புங்கள். மார்ச் நெருங்கிவிட்டால் காட்டுத்தீ பயத்தில் பாதைகளை மூடுவதுண்டு. எப்போது போனாலும் வனத்துறையிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

இந்தப் பாதையில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போகும்போது முழுக்க இறக்கம். மூச்சு வாங்காது, 'இன்னும் கொஞ்சம் கீழே போவோம்' என்று தோன்றும். ஆனால் இறங்கும்போது தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் பிரேக் பிடிக்கிறது. அது களைத்த பிறகுதான் ஏற்றம் ஆரம்பமாகும். வெள்ளகவி டால்ஃபின் நோஸிலிருந்து வெகு கீழே இருக்கிறது. அங்கே போய்த் தொடை நடுங்கினால் தூக்கி வர வண்டி கிடையாது.

அதனால் இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கை ஏறுவதற்கு வையுங்கள். 40 நிமிடம் இறங்கினால் 80 நிமிடம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது மேலே வந்துவிடும்படி திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டெனலால் பற்றி முக்கியமாக ஒன்று. அது நாடித்துடிப்பை அதிகம் ஏறவிடாது. உடல் திணறும்போதும் ஸ்மார்ட் வாட்ச் சாதாரண எண்ணைத்தான் காட்டும், அதை நம்பாதீர்கள். நண்பரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, அதுதான் அளவு. முடியாவிட்டால் நின்றுவிடுங்கள். மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும்.

முதலில் உங்கள் மருத்துவரிடம் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு ஈசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எட்டு வாரம், வாரம் நான்கு நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். இறங்க லிஃப்ட் வேண்டாம், முட்டிக்கும் தொடைக்கும் பயிற்சி அதில்தான். கிளம்புவதற்கு முன் முதுகில் பையோடு 40 நிமிடம் பேசிக்கொண்டே ஏறி இறங்க முடிந்து, மறுநாள் தொடை வலி வேலையைக் கெடுக்காவிட்டால் டால்ஃபின் நோஸுக்குத் தயார். முடியாவிட்டால் இந்த முறை கோக்கர்ஸ் வாக், ஏரியைச் சுற்றி நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ, தாடை, இடது கை வலியோ, தலைசுற்றலோ வந்தால் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்தும் சில நிமிடத்தில் வலி விடாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.