உடைந்த அகலுக்கும் சேர்த்து விலை வையுங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் வீட்டிலேயே 500 அகல் விளக்கு செய்து, கொல்லையில் வரட்டி அடுக்கிச் சுட்டோம். 140 விளக்கு சூட்டிலேயே போய்விட்டது. நல்லதாக எடுத்து வைத்ததிலும் ஒரு வாரம் கழித்து 30 விளக்கில் சில்லு பெயர்ந்து உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிகிறது. மண், மணலுக்கு 400, வரட்டி வைக்கோலுக்கு 600, ஆட்டோவுக்கு 300 ரூபாய் ஆனது. நானும் தங்கையும் ஆளுக்கு இரண்டு நாள் உட்கார்ந்தோம். சந்தையில் அகல் 2 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நாங்கள் எவ்வளவு வைப்பது அக்கா?

பதில்: உடைந்த சில்லுகளைக் கொட்டிவிடவில்லையே? அதிலேயே பாதி பதில் இருக்கிறது. சூளையில் பொரிப் பொரியாகச் சிதறி, ஓடு ஓடாகப் பெயர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது, அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடித்த வெடிப்பு அது. அப்படியில்லாமல் விளிம்பிலிருந்து அடிவரை ஒரே கோடாக, கத்தியால் கீறினது மாதிரி பிளந்திருந்தால், சூடு ஆறுவதற்குள் அவசரப்பட்டுச் சாம்பலைத் தள்ளியிருக்கிறீர்கள். முதல் தடவை சுடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வகைதான். கார்த்திகைக்குச் செய்கிற விளக்கு ஐப்பசி மழையில்தான் காய வேண்டியிருக்கிறது, தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். விளக்கின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, சூளைக்குப் போகக்கூடாது.

சுடும்போதும் எடுத்தவுடனே தீயை ஏற்றாதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் ஓரத்தில் கொஞ்சமாக மூட்டி, புகைச் சூடு மட்டும் உள்ளே போகட்டும். புகை வருகிற ஓட்டைக்கு மேலே ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டைக் காட்டினால் வியர்க்கும், வியர்ப்பது நின்ற பிறகுதான் பெரிய தீ. மறுநாள் காலையில் சாம்பலுக்குள் கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறியபின் பிரியுங்கள்.

அந்த வெள்ளைப் புள்ளி தனிச் சங்கதி. அது மண்ணில் கலந்திருந்த சுக்கான் கல். நம்ம பக்கத்து ஏரி மண்ணிலும் ஓடை மண்ணிலும் இது சகஜம். சூளையில் சுண்ணாம்பாக மாறிவிடும், அப்புறம் காற்றில் இருக்கிற ஈரத்தை மெதுவாக இழுத்து உப்பி, மேலே இருக்கிற மண்ணைத் தள்ளிவிடும். அதனால்தான் ஒரு வாரம் கழித்து. விற்ற பிறகு வாங்கினவர் வீட்டில் பெயர்ந்திருந்தால் அடுத்த வருஷம் அவர் உங்களிடம் வரமாட்டார். மண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, கொசுவலைத் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டுப் பிசையுங்கள். மண்ணில் கிடைக்கிற வெள்ளைக் கட்டியைப் பொடித்து வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், அதுதான் அடையாளம். அதற்கு மேலும் பயமாக இருந்தால், சூளை பிரித்ததும் விளக்குகளை ஓர் இரவு தண்ணீரில் மூழ்க வையுங்கள். மிச்சமிருக்கிற சின்னச் சின்னச் சுண்ணாம்பு குழைந்து அடங்கிவிடும், பெரிய கட்டி என்றால் இதற்கெல்லாம் அடங்காது. ஊறின விளக்கு முதல் தடவை எண்ணெயையும் குறைவாகக் குடிக்கும்.

சரி, விலை. உங்கள் செலவுக் கணக்கில் கூலியே இல்லையே! நாளுக்கு 400 என்று வைத்தாலும் நாலு ஆள் கூலி 1,600, கைச்செலவு 1,300, மொத்தம் 2,900. இதை 500-ஆல் வகுத்து ஒரு விளக்கு 5 ரூபாய் 80 காசு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். விற்கக் கையில் இருப்பது 330தான், அதில் வகுத்தால் ஒன்று கிட்டத்தட்ட 8 ரூபாய் 80 காசு. சேதத்தை 50-க்குக் குறைத்துவிட்டால் அதே விளக்கு 6 ரூபாய் 45 காசில் நிற்கும். இன்னும் லாபமே சேர்க்கவில்லை. 2 ரூபாய்க்கு விற்றால் 330 விளக்குக்கு 660 ரூபாய், வரட்டிக் காசுதான் திரும்பும்.

சந்தை அகலோடு போட்டி போடவே போடாதீர்கள், அது அச்சில் ஆயிரக்கணக்கில் அடிக்கிற சரக்கு. அதே சூளையில் பாதி இடத்துக்கு ஐந்து முக விளக்கு, சின்ன மாடம், இலை மாதிரி தட்டு விளக்கு என்று வையுங்கள். 40 ரூபாய் சொன்னால் ஓசூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பேரம் பேசாமல் வாங்குகிறார்கள். கடையில் கொடுத்து விற்றால் கமிஷன் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், 30 சதவீதம் பிடித்தால் அந்த 40-க்கு 28தான் உங்கள் கைக்கு. இன்னொன்று, பெரிய பொருள் அதிகம் உடையும், கனம் எங்கேயும் சுண்டுவிரலைத் தாண்டக்கூடாது, முகம் ஒட்டுகிற இடத்தில் கீறி, மண் கூழ் தடவி ஒட்ட வேண்டும். முதல் சூளைக்கு நாலில் ஒன்று போகும் என்று எண்ணியே விலை வையுங்கள், இரண்டாவது சூளையில் எத்தனை தப்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து அதற்கப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.