சமையலா, தையலா? சேனலுக்கு ஒரு வாக்கியம்

கேள்வி: சமையல், மாடித்தோட்டம், பிளவுஸ் தையல் என்று கலந்து வீடியோ போடுகிறேன். ஒன்று ஓடினால் அடுத்தது படுத்துவிடுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: யூடியூப் ஸ்டுடியோவில் ஓடிய வீடியோ ஒவ்வொன்றின் அனலிட்டிக்ஸையும் திறந்து, என்ன தேடி உங்களிடம் வந்தார்கள் என்று பாருங்கள். அப்புறம் கமெண்ட். ரசம் வீடியோவின் கீழே "சூப்பர்" என்று இருக்கும். தையல் வீடியோவின் கீழே "அக்கா, எனக்கு தோள் இறங்குது, என்ன பண்ண?" என்று இருக்கும். இப்படிக் கேட்கிறவர் அடுத்த பிளவுஸ் வெட்டும்போதும் வருவார். அதனால் என் ஓட்டு தையலுக்கு.

ஆனால் 'தையல்' என்பது மிகப் பெரிய வட்டம். சுடிதார், ஆரி, குழந்தை கவுன் எல்லாம் அதற்குள் வந்துவிடும். யாருக்கு, எந்தத் தொல்லை, அவர் கையில் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டு ஒரே வாக்கியமாக எழுதுங்கள். உதாரணமாக: "வீட்டிலேயே தையல் பழகியவர்கள், அளவு பிளவுஸை மட்டும் வைத்து, சுருக்கம் விழாத லைனிங் பிளவுஸ் தைக்க முடியும்." 'எளிய முறையில்', 'அனைவருக்கும்' போன்ற சொற்கள் வேண்டாம், அவற்றை எந்த சேனலும் சொல்லலாம்.

சரி, வாக்கியம் தாங்குமா? அதன் கீழ் 20 தலைப்பு எழுதிப் பாருங்கள். பத்திலேயே திணறினால் வட்டம் சின்னது. முறுக்கு வீடியோவும் நுழைய இடம் இருந்தால் பெரியது. சில தலைப்புகள் வாசலில் நிற்கும். புது மெஷின் ரிவ்யூ அப்படித்தான். 'இந்த மெஷினில் லைனிங் நழுவாமல் தைக்க முடியுமா?' என்று கேட்டால் உள்ளே வரலாம். விலையும் நிறமும் மட்டும் பேசினால் வெளியேதான்.

இனி ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் தலையிலும் அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். 'அக்குள் பக்கம் ஏன் சுருங்குகிறது?' என்று ஒரு வீடியோ என்று வைத்துக்கொள்வோம். துணி வாங்கிய கதையோடு தொடங்கியிருந்தால் அதை வெட்டுங்கள். முதல் காட்சியில் சுருங்கிய பிளவுஸைப் போட்டுக் காட்டுங்கள். அடுத்து காரணம்: முன்பக்கக் கை வளைவைப் பின்பக்கம் போலவே வெட்டியிருப்பது. வழக்கமாக முன்பக்கத்தை அரை அங்குலம் போல கூடுதலாகக் குடைந்து வெட்டுவார்கள். இதை அளவு பிளவுஸின் மேல் எங்கே வைத்துக் குறிப்பது என்று காட்டுங்கள். பாடி சுற்றளவு ஃபார்முலா இங்கே வேண்டாம். 'அளவு பிளவுஸை மட்டும் வைத்து' என்று சொல்லிவிட்டீர்களே! வீடியோ வெளியான பின், பார்வை நேர வரைபடத்தில் முதல் 30 விநாடியில் பெரிய சரிவு தெரிந்தால், தலைப்பில் சொன்னதைக் காட்டத் தாமதித்திருக்கிறீர்கள்.

பழைய சமையல் வீடியோக்களை அழிக்க வேண்டியதில்லை, தனி பிளேலிஸ்ட்டில் ஒதுக்கிவிடுங்கள். சமையல் ஆசை விடவில்லை என்றால் அதற்கு வேறு சேனல். வாக்கியத்தை வாரம் ஒருமுறை மாற்றாதீர்கள்; அந்த 20 வீடியோவும் போன பிறகு, கமெண்ட்டில் அதிகம் வரும் கேள்வி வேறு பக்கம் இழுத்தால் அப்போது திருத்தலாம்.