தினமும் 4 நொடி முந்தும் கடிகாரம்: கிரிஸ்டலா, கெபாசிட்டரா?

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலரோடு 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வைத்துக் கடிகாரம் செய்தேன். தினமும் 4 நொடி முந்துகிறது. கிரிஸ்டலுக்கு லோடு கெபாசிட்டன்ஸ் 12.5 பிகோஃபாரட் என்று போட்டிருக்கிறது. நான் போட்டது இரண்டு 10 பிகோஃபாரட் கெபாசிட்டர்கள். கிரிஸ்டலை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், கெபாசிட்டரை மாற்றினால் போதும்.

அந்தச் சின்னக் குப்பிக்குள் இருப்பது இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் அது வளையும், வளைந்தால் மின்னழுத்தம் தரும். ஆட்டத்தில் அது இழக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதனால் தன் இயல்பான அதிர்வெண்ணை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலே அதன் மின் குணம் வெகுவாக மாறிவிடும். சுற்றின் மற்ற பாகங்கள் சற்றுத் தடுமாறினாலும், கிரிஸ்டல் துளி நகர்ந்து அதை ஈடுகட்டிவிடும். நிலையான அதிர்வெண் கிடைப்பது இதனால்தான்.

அந்தத் துளி நகர்வுதான் உங்கள் 4 நொடி. சுற்றில் கிரிஸ்டல் ஒரு காயில் மாதிரி நடந்துகொள்கிறது, எதிரே உள்ள கெபாசிட்டன்ஸோடு சேர்ந்து ஆடுகிறது. எதிரே சரியாக 12.5 பிகோஃபாரட் இருந்தால்தான் 32.768 கிலோஹெர்ட்ஸ் வரும் என்பதே லோடு கெபாசிட்டன்ஸின் பொருள். குறைந்தால் வேகம் கூடும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: 12.5 என்பது ஒவ்வொரு கெபாசிட்டரின் மதிப்பு இல்லை. கிரிஸ்டலின் கண்ணுக்கு இரண்டும் தொடரிணைப்பில் தெரிகின்றன. சிப்பின் கால், போர்டு தடம் ஆகியவற்றின் கெபாசிட்டன்ஸும் (Cs) கூடச் சேரும். லோடு கெபாசிட்டன்ஸ் CL, இரண்டு கெபாசிட்டர்கள் C1, C2 என்றால்:

```
CL = (C1 × C2) / (C1 + C2) + Cs
```

Cs சுமார் 3 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இரண்டு பத்தும் சேர்ந்து 5, அதோடு 3, ஆக 8 தான். இந்த வகைக் கிரிஸ்டலில் 12.5-லிருந்து 8-க்கு இறங்கினால் அதிர்வெண் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 50 பங்கு கூடும். ஒரு நாளுக்கு 86,400 நொடி என்பதால் கணக்கு 4.3 நொடி. நீங்கள் பார்த்ததும் அதுதானே!

கணக்கைத் திருப்பிப் போட்டால், 12.5-லிருந்து 3 போக 9.5, அதன் இரு மடங்கு 19. கடையில் கிடைப்பது 18, அதைப் போடுங்கள். வெப்பத்துக்கு மாறாத சி0ஜி வகையாக இருக்கட்டும். பெரிய மதிப்பு போட்டால் ஆட்டம் தொடங்கச் சிரமப்படும். அதனால் மாற்றியபின் மின்சாரத்தைப் பலமுறை அணைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஓடுகிறதா என்று பாருங்கள். சில கடிகாரச் சிப்புகளுக்குள்ளேயே கெபாசிட்டர் இருக்கும். அங்கே வெளியே எதுவும் போடக்கூடாது.

அப்புறம், ஆஸிலோஸ்கோப் புரோபைக் கிரிஸ்டல் காலில் வைத்து அளக்காதீர்கள். புரோபே சுமார் 10 பிகோஃபாரட்டைச் சேர்த்து விடையைக் கெடுத்துவிடும். கடிகாரத் துடிப்பை வேறொரு பின்னில் வெளியே எடுத்து அளங்கள், இல்லையென்றால் ஒரு வாரம் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கிரிஸ்டல் 25 டிகிரிக்குத் தோதானது. 40 டிகிரியில் தினமும் அரை நொடிக்கு மேல் பிந்தும், அதைக் கெபாசிட்டரால் சரிசெய்ய முடியாது.