கண் இமையும் கெண்டைக்காலும் துடித்தால் நரம்பு நோயா?

"பத்து நாளா இடது கண் கீழ் இமை துடிக்குது. இப்போ கெண்டைக்கால்லயும் துடிக்குது. நெட்ல தேடினா ஏஎல்எஸ்னு, கை கால் பலமெல்லாம் போற ஒரு நரம்பு நோய் வருது. பயத்துல தூக்கமே வரல. நிஜமா நரம்பு நோயா இருக்குமா?"

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அப்படி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்று வருடம் முன்பு இதே பயத்தில் நானும் இரவெல்லாம் விழித்திருக்கிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். இரவில் நான்கு மணி நேரத் தூக்கம், பகலில் ஆறேழு டீ. முதலில் கீழ் இமை துடித்தது. கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் மட்டும் தோலுக்கு அடியில் ஏதோ நெளிவது போலத் தெரியும். மனைவிக்குத் தெரியவே இல்லை. ஏஎல்எஸ் பற்றிப் படித்த மறுநாளே கெண்டைக்காலிலும் ஆரம்பித்தது.

டாக்டர் குதிகாலால் நடக்கச் சொன்னார், அப்புறம் நுனிக்காலால். விரல்களை விரித்து வைக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்தார். முழங்காலில் சுத்தியலால் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார். "துடிப்பை நான் தேடல. பலம் குறைஞ்சிருக்கா, சதை வத்தியிருக்கான்னுதான் பார்க்குறேன்" என்றார். ஏஎல்எஸ்ஸில் தசைக்குப் போகும் நரம்பு செல்களே சாகின்றன. அதனால் சட்டைப் பட்டன் போட முடியாமல் போவது, பாதம் தொய்ந்து தடுக்குவது, பேச்சு குழறுவது போன்ற பலக்குறைவுதான் பெரும்பாலும் ஆளை டாக்டரிடம் கொண்டுவரும். பலம் அப்படியே இருக்க, இடம் மாறி மாறித் துடிப்பது வேறு கதை.

அங்கே நரம்பு சாகவில்லை, சீண்டப்பட்டிருக்கிறது. தூக்கமின்மை, காபி, டீ, பதற்றம் எல்லாம் அதை எளிதில் தூண்டப்படும் நிலையில் வைக்கின்றன. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனாலும் நரம்பு துள்ளும். மூளை உத்தரவு இல்லாமலே ஒரு நரம்பிழை சுண்ட, அதன் பிடியில் உள்ள சில தசைநார்கள் மட்டும் துடிக்கும். காலை நீட்டிச் சும்மா படுத்திருக்கும்போது துடித்து, எழுந்து நடந்தால் நிற்பது இதன் வழக்கம். அதையே கவனித்துக்கொண்டிருந்தால் பதற்றம் கூடும், துடிப்பும் கூடும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இப்படித் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரை 2 முதல் 32 வருடம் வரை தொடர்ந்து பார்த்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட ஏஎல்எஸ் வரவில்லை.

எனக்கு டீயை இரண்டாகக் குறைத்து, தூக்கம் சரியானதும் இமை இரண்டு வாரத்தில் அடங்கியது. கெண்டைக்கால் மாதக்கணக்கில் இழுத்தது. இன்றும் தூக்கம் கெட்ட மறுநாள் லேசாகத் துடிக்கும்.

ஆனால் கண்ணோடு சேர்ந்து வாயோரமும் இழுத்தாலோ, கண் தானாக மூடிக்கொண்டாலோ, இமை தொங்கினாலோ, கை கால் பலம் குறைந்தாலோ, இமைத் துடிப்பு சில வாரங்களைத் தாண்டியும் நிற்காவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தினமும் குதிகாலால் நடந்து சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள். நான் அதைச் செய்து கால் வலி வர, அதையும் நோயென்று பயந்தேன்.